விசில் வராத குக்கர்

துவரம்பருப்பை அடுப்பில் வைத்துக் கால் மணி நேரம் ஆகியும் விசில் வரவில்லை. மூடியின் ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி போகிறது, மஞ்சள் தண்ணீர் வழிந்து பர்னரில் சொட்டுகிறது. உடனே கேஸ்கட்டின் மேல்தான் பழி விழும். அந்த வீட்டிலும் புது கேஸ்கட் வாங்கி மாட்டினார்கள். கசிவு நிற்கவில்லை.

ஆவி எப்போது கசிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கொதி வந்ததிலிருந்தே ஓரத்தில் போய்க்கொண்டிருந்து, வெயிட் அசையாமலே இருந்தால், உள்ளே அழுத்தம் சேரவில்லை என்று அர்த்தம். மூடி வெளிப்பக்கம் பூட்டும் குக்கரில் கேஸ்கட்டின் மெல்லிய மடல் ஆவியின் அழுத்தத்தாலேயே விளிம்போடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் தொடக்கத்தில் சிறிது கசிந்து தானே நின்றுபோவது கோளாறு அல்ல. ரப்பர் விறைத்துவிட்டால் மடல் வளையாது, கசிவும் நிற்காது. தளர்ந்த கேஸ்கட்டை ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கி அன்றைய சமையலை ஒப்பேற்றும், அவ்வளவுதான்.

நேற்றுவரை ஒழுங்காக விசில் அடித்த குக்கர் இன்று வெயிட் அசையாமல் ஓரத்தில் சீறினால் விஷயம் வேறு. வெயிட் உட்காரும் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருக்கலாம். வழியில்லாத ஆவி கேஸ்கட்டை மீறி வெளியேறப் பார்க்கிறது. இது ஆபத்து. அடுப்பை அணைத்து, குக்கர் தானாக ஆறும்வரை தொடக்கூடாது. பிறகு மூடியைத் தூக்கிப் பிடித்து அந்தக் குழாய் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, கம்பியால் குத்திக் கழுவ வேண்டும். நுரைக்கும் பருப்பை அரைக் குக்கருக்கு மேல் நிரப்பாவிட்டால் இந்த அடைப்பு பெரும்பாலும் வராது.

அந்த வீட்டில் குழாய் சுத்தமாகத்தான் இருந்தது. பழுது பார்ப்பவர் இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொதிக்கவிட்டார். கைப்பிடிக்கு வலப்பக்கம் கசிந்தது. ஆறிய பிறகு மூடியைத் திறந்து, கேஸ்கட்டை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி ஏற்றினார். கோளாறு கேஸ்கட்டில் இருந்தால் கசியும் இடமும் நகர்ந்திருக்கும். நகரவில்லை. அப்படியானால் மூடியோ பாத்திரமோதான். கைப்பிடி ஸ்க்ரூ தளர்ந்து மூடி ஒருபக்கம் தூக்கியிருக்கலாமோ என்று முடுக்கிப் பார்த்தார், இறுக்கமாகவே இருந்தது. பாத்திரத்தைக் கிரானைட் மேடையில் கவிழ்த்தபோது வலப்பக்க விளிம்பின் அடியில் ஒரு தாள் நுழைந்தது. தினமும் பருப்பைக் கடைந்தபின் கரண்டியைத் தட்டும் இடம் அது!

அலுமினிய விளிம்பில் லேசான நெளிவு என்றால் மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்துவார்கள். ஆழமாக நசுங்கியிருந்தால் அந்தப் பாத்திரத்தைச் சாதம் ஊறவைக்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆவி சேஃப்டி வால்வ் வழியே போனால் அதை அடைத்துச் சமைக்கவே கூடாது. அளவுக்கு மீறிச் சூடேறும்போது உருகி வழிவிடுவதற்காகவே அதில் ஒரு உலோகத் துண்டு வைத்திருக்கிறார்கள். உருகிய வால்வை எறிந்துவிட்டு, அதே மாடலுக்கு உரியதை வாங்கிப் போட வேண்டும்.