ஆறு ஜி.பி. கார்டில் அடங்காத வரவேற்பறை

வரவேற்பறை ஒன்றின் உள் அலங்காரப் படத்தை மறுநாள் காலை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். பிளெண்டரில் மாடல் தயார், வெளிச்சம் தயார். F12 அழுத்துகிறீர்கள். சில நொடிகள் ஏதோ ஓடுகிறது. பிறகு `System is out of GPU memory` என்று ஒரு வரி வந்து ரெண்டர் நின்றுவிடுகிறது. வீட்டிலிருந்தே முப்பரிமாணப் படம் செய்து பிழைக்கும் பலருக்கு இது பழக்கமான இரவு.

உடனே பலரும் செய்வது சாம்பிள் எண்ணிக்கையைக் குறைப்பது. ஆயிரத்தை இருநூறாக்கி மறுபடி அழுத்துவார்கள், அதே வரி மறுபடியும் வரும். சாம்பிள் என்பது ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை முறை ஒளிக்கதிரை அனுப்பிப் பார்ப்பது என்ற கணக்கு. அதைக் குறைத்தால் நேரம் மிச்சமாகும். மெமரி மிச்சமாகாது, ஏனென்றால் ஒரே ஒரு கதிரை அனுப்புவதற்கும் அறை முழுவதும் கார்டுக்குள் ஏறியிருக்க வேண்டும். நம் படம் நின்றதும் அந்த ஏற்றும் கட்டத்தில்தான்.

ஏற்றப்படுவதில் பெரும் சுமை எது? வீட்டு உள்புறக் காட்சிகளில் பெரும்பாலும் டெக்ஸ்சர்கள்தான். மர நரம்பு, துணி நெசவு, சுவர்ப் பூச்சு என்று பொருள்களின் மேல் ஒட்டும் படங்களைத்தான் அப்படிச் சொல்கிறோம். "என் ஃபோல்டரில் எல்லாம் சேர்த்தே முந்நூறு எம்.பி.கூட இல்லையே" என்று கேட்கலாம். அங்கேதான் கணக்கு தவறுகிறது. பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினால் ஒரு சாண் இடம் போதும், விரித்தால் அறை நிறையும். வட்டில் இருக்கும் ஜேபெக் கோப்பு சுருட்டிய பாய். ஒளிக்கதிர் எந்த நொடியில் எந்தப் புள்ளியில் போய் முட்டும் என்று முன்கூட்டித் தெரியாது. முட்டிய இடத்தின் நிறத்தை அந்த நொடியே எடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரர் எல்லாப் படங்களையும் விரித்தே கார்டில் வைக்கிறது.

விரித்தால் எவ்வளவு ஆகும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். 4K டெக்ஸ்சர் என்பது 4096-க்கு 4096 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம், அதோடு ஒளிபுகும் தன்மைக்கு ஓர் இடம் என்று புள்ளிக்கு நான்கு பைட். நான்காவதைப் படம் பயன்படுத்தாவிட்டாலும் இடம் ஒதுக்கப்படும். பெருக்கினால் 64 எம்.பி. கோப்பு வட்டில் ஆறு எம்.பி.யாக இருந்தாலும் அறுபதாக இருந்தாலும் கார்டில் அதே 64 தான். 8K என்றால் நான்கு மடங்காகி 256 ஆகும். 2K என்றால் 16, 1K என்றால் வெறும் 4. கோப்பு 32 பிட் ஈஎக்ஸ்ஆர் வகையாக இருந்தால் புள்ளிக்கு நான்கு பைட்டுக்குப் பதில் பதினாறு. அப்போது ஒரே ஒரு 4K படம் 256 எம்.பி. தின்னும்.

இந்த எண்களை நம் வரவேற்பறையில் பொருத்திப் பார்ப்போம். மடிக்கணினியில் 6 ஜி.பி. கார்டு. விண்டோஸ் திரை, திறந்திருக்கும் பிரவுசர், பிளெண்டரின் சொந்த ஜன்னல் எல்லாம் சேர்ந்து ஒரு ஜி.பி. எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொண்டால் மிச்சம் ஐந்து. அறையில் தரை, சோபா, திரைச்சீலை, மேசை என்று 12 மெட்டீரியல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று 4K படங்கள்: நிறத்துக்கு ஒன்று, பளபளப்பைச் சொல்லும் ரஃப்னஸ் மேப் ஒன்று, மேடுபள்ளத்தைக் காட்டும் நார்மல் மேப் ஒன்று. முதல் இரண்டும் ஜேபெக், ஆளுக்கு 64. நார்மல் மேப் 32 பிட் ஈஎக்ஸ்ஆர், 256. ஆக ஒரு மெட்டீரியலுக்கு 384 எம்.பி., பன்னிரண்டுக்கும் 4608. ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்துக்காகப் போட்ட 8K எச்.டி.ஆர்.ஐ. வானம் 512. மொத்தம் 5120 எம்.பி., சரியாக 5 ஜி.பி. ஒரு நாற்காலியின் வடிவம்கூட இன்னும் உள்ளே போகவில்லை.

கை வைப்பதற்கு முன் குற்றவாளி டெக்ஸ்சர்தானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. அதற்கு ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. ரெண்டர் பண்புகளில் `Simplify` என்ற பகுதியைத் திறந்து, அதன் `Render` பிரிவில் `Texture Limit` என்பதை 128 ஆக்குங்கள். எல்லா டெக்ஸ்சர்களும் அந்த அளவுக்குச் சுருங்கித்தான் கார்டில் ஏறும். படம் மங்கலாக வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ரெண்டர் ஓடிவிட்டால் பிரச்சினை டெக்ஸ்சரில். அப்போதும் நின்றால் பிரச்சினை வடிவங்களில். எந்தப் படம் எவ்வளவு எடுக்கிறது என்று பெயர் பெயராகப் பார்க்க வேண்டுமானால் கட்டளைச் சாளரத்தில் இப்படி ஓட்டலாம்:

```
blender -b room.blend -f 1 -- --cycles-print-stats
```

முதல் ஃபிரேமை ரெண்டர் செய்துவிட்டு, டெக்ஸ்சர்களையும் மெஷ்களையும் அவற்றின் அளவோடு பட்டியலாக அச்சிடும். பட்டியல் கிடைக்கும்படி ரெண்டர் முடிய வேண்டும் என்பதால், முதலில் `Texture Limit` போட்ட நிலையிலேயே ஓட்டிப் பாருங்கள். இப்படி ஓட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பிளெண்டரின் ஜன்னலே திறப்பதில்லை, அது பிடித்துவைத்திருந்த மெமரி ரெண்டருக்குக் கிடைக்கும். சில சமயம் நூலிழையில் நிற்கும் காட்சி இதனாலேயே தப்பிவிடும். என்விடியா கார்டாக இருந்தால், ரெண்டர் ஓடும்போது இன்னொரு சாளரத்தில் `nvidia-smi -l 1` என்று தட்டி, கார்டு நிரம்புவதை நொடிக்கு நொடி பார்க்கலாம்.

இனி குறைக்கும் வேலை. `Texture Limit`-ஐ 1024 அல்லது 2048-இல் விட்டுவிட்டுப் போவதும் ஒரு வழிதான், அவசரத்துக்கு நான் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது முன்னால் இருக்கும் சோபாவையும் மூலையில் கிடக்கும் கூடையையும் ஒரே கத்தரிக்கோலால் வெட்டும். எதை எவ்வளவு வெட்டலாம் என்பதைக் கேமராவிடம் கேட்பதே சரி. நம் இறுதிப் படம் 3840-க்கு 2160 புள்ளிகள். அதில் சுவரில் தொங்கும் புகைப்படச் சட்டம் 200 புள்ளி அகலத்தில்தான் தெரிகிறது. அதன் மேல் 4096 புள்ளி அகலப் படத்தை ஒட்டினால், இருபது புள்ளிகள் சேர்ந்து ஒன்றாகக் கலங்கித்தான் கண்ணுக்கு வரும். 512 போட்டாலே தாராளம். திரையில் ஒரு பொருள் எத்தனை புள்ளி பிடிக்கிறதோ, அதைவிடப் பெரிய அடுத்த அளவு போதும். சந்தேகமாக இருந்தால் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்படிப் பார்த்தால் நம் அறையில் 4K தேவைப்படுவது தரைக்கும், கேமராவின் பக்கத்தில் இருக்கும் சோபாவுக்கும் மட்டும். ஐந்து மெட்டீரியல்களுக்கு 2K, தூரத்தில் இருக்கும் மற்ற ஐந்துக்கு 1K போதும். ரஃப்னஸ் மேப்புக்கு நிறமே கிடையாது. அதை ஒற்றை வண்ணத் தடம் கொண்ட கிரேஸ்கேல் கோப்பாகச் சேமித்தால் புள்ளிக்கு ஒரு பைட்தான், 64 எம்.பி. 16 ஆகிவிடும். நார்மல் மேப்பை ஈஎக்ஸ்ஆரிலிருந்து சாதாரண 8 பிட் பி.என்.ஜி.க்கு மாற்றலாம். துணி, செங்கல் போன்றவற்றில் வித்தியாசம் தெரியாது. பளபளக்கும் தரையில் மட்டும் பிரதிபலிப்பில் மெல்லிய படிக்கட்டுகள் போல வரி விழும். அதற்கு 16 பிட் பி.என்.ஜி. வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி கூட்டுவோம். தரைக்கு 208, சோபாவுக்கு 144. 2K மெட்டீரியல் ஒன்றுக்கு 36 வீதம் ஐந்துக்கு 180. 1K ஒன்றுக்கு 9 வீதம் ஐந்துக்கு 45. வானத்தை 4K ஆக்கினால் 128. மொத்தம் 705 எம்.பி. முன்பு 5120 இருந்த இடத்தில் இப்போது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு.

மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. ஈஎக்ஸ்ஆர் கோப்பை ஏதோ ஒரு மென்பொருளில் திறந்து பி.என்.ஜி.யாகச் சேமித்தால், அது நிறப்படம் என்று நினைத்து வெளிச்சக் கணக்கை மாற்றிவிடும். நார்மல் மேப்பில் இருப்பவை நிறங்கள் அல்ல, திசைகளைக் குறிக்கும் எண்கள். அவை மாறினால் சுவர் முழுவதும் விநோதமாகச் சாய்ந்த நிழலோடு வரும். போலி ஹேவன் போன்ற இலவசத் தளங்களில் ஒரே டெக்ஸ்சர் 1K, 2K, 4K அளவுகளிலும் வெவ்வேறு கோப்பு வகைகளிலும் கிடைக்கிறது. அங்கிருந்து சிறிய பி.என்.ஜி.யை நேராக இறக்கிக்கொள்வதே பத்திரம். புதிய கோப்பைப் பொருத்தியபின் டெக்ஸ்சர் நோடில் `Color Space` என்பது `Non-Color` என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். புதிதாகத் திறக்கும் பி.என்.ஜி.யை பிளெண்டர் நிறப்படமாகவே எடுத்துக்கொள்ளும்.

வடிவங்களில் சுமை இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சப்டிவிஷன். ஒவ்வொரு படியும் முகங்களை நான்கு மடங்காக்கும். 5000 முகங்கள் கொண்ட மெத்தை, இரண்டாம் படியில் 80,000 ஆகும். நான்காம் படியில் 12,80,000. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்றால் இரண்டிலேயே நிறுத்துங்கள். `Simplify`-யில் இருக்கும் `Max Subdivision` காட்சி முழுவதற்கும் உச்சவரம்பு போடும்.

அடுத்தது நகல்கள். எட்டு நாற்காலிகளை Shift+D கொண்டு நகலெடுத்தால் எட்டு தனி வடிவங்கள் ஏறும். Alt+D கொண்டு எடுத்தால் ஒரு வடிவம்தான், எட்டு இடங்களில் காட்டப்படும். அனுபவசாலிகளும் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. அந்த நாற்காலிகளில் சப்டிவிஷன் போன்ற மாடிஃபையர் ஒட்டிக்கொண்டிருந்தால், Alt+D செய்திருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே கணக்கிடப்பட்டு எட்டு மடங்கு இடம் பிடிக்கும். மாடிஃபையரை அப்ளை செய்துவிட்டு நகலெடுங்கள், அல்லது நாற்காலியை ஒரு கலெக்ஷனில் போட்டு அந்தக் கலெக்ஷனை இன்ஸ்டன்ஸாக வையுங்கள்.

எல்லா நேரமும் பிழைச் செய்தி வரும் என்றும் சொல்ல முடியாது. கார்டு நிரம்பியதும் மிஞ்சியதைக் கணினியின் சாதாரண ரேமில் வைத்து ரெண்டர் தொடரலாம். படம் வரும், ஆனால் கார்டு ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய் எடுத்து வரவேண்டியிருப்பதால் வேகம் படுத்துவிடும். நேற்று பத்து நிமிடத்தில் முடிந்த காட்சி, இரண்டு பொருள்கள் சேர்த்ததும் ஒரு மணி நேரம் இழுத்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது கார்டு வாங்கிப் போட்டால் சரியாகும் என்று எண்ணிவிடவும் கூடாது. சாதாரணமாக இரண்டு 6 ஜி.பி. கார்டுகள் சேர்ந்து 12 ஆவதில்லை. ஒவ்வொரு கார்டிலும் முழு அறையும் தனித்தனியாக ஏற வேண்டும்.

குறைத்த கோப்புகளைத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள், 4K மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் அந்தப் புகைப்படச் சட்டத்தை மட்டும் நெருக்கத்தில் காட்டச் சொன்னால், அந்த ஒரு படத்துக்கு அவை தேவைப்படும்.