ஒரு கப்பலும் குறையவில்லை, வாடகை மட்டும் ஏன் மூன்று மடங்கு?

2023 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஷாங்காயிலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு ஒரு 40 அடி கண்டெய்னர் அனுப்ப சுமார் 1,700 டாலர் ஆனது. ஒரே மாதத்தில் அது ஏறக்குறைய 4,900 டாலராகிவிட்டது. காஸா போரையொட்டி ஏமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன.

சுற்றிப் போனால் டீசல் கூடும், அதனால் வாடகை கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். எரிபொருள் செலவு கூடுவது உண்மைதான். ஆனால் கால்வாய்க்குக் கட்ட வேண்டிய பெருந்தொகை மிச்சமாகிறதே! மூன்று மடங்குக்கு அது மட்டும் காரணமாக முடியாது.

ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப ஒரு கப்பலுக்கு 12 வாரம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு கப்பல் புறப்பட வேண்டுமானால் 12 கப்பல் வேண்டும். நன்னம்பிக்கை முனை வழியாகப் போக சுமார் 10 நாள், வர 10 நாள் கூடுகிறது. பயணம் 15 வாரமாகிறது. அதே வாராந்திர சேவைக்கு இப்போது 15 கப்பல் தேவை. அந்த மூன்று கப்பலை உடனே எங்கே தேடுவது? புதிதாகக் கட்ட இரண்டு, மூன்று வருடம் ஆகும். சரக்கோ காத்திருக்காது. இருக்கும் இடத்துக்கு ஏலம் போலப் போட்டி நடக்கிறது.

துறைமுக நெரிசலும் இதே கணக்குதான். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்திருந்தன. நங்கூரமிட்டு நிற்கும் கப்பல், இல்லாத கப்பலுக்குச் சமம். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸில் சிக்கியது ஆறு நாள்தான். ஆனால் தேங்கிய கப்பல்கள் ஐரோப்பியத் துறைமுகங்களில் மொத்தமாக வந்து குவிந்தன. காலி கண்டெய்னர்கள் ஆசியாவுக்குத் திரும்புவதும் தாமதமானது.

இறங்கும்போதும் இதே வேகம்தான். பாதி காலியாகப் போனாலும் கப்பலுக்கான செலவு பெரிதாகக் குறையாது. கிடைத்தவரை லாபம் என்று நஷ்டத்துக்கும் ஏற்றுவார்கள். 2021 செப்டம்பரில் உலகச் சராசரி வாடகை 10,000 டாலரைத் தாண்டியது. இரண்டே ஆண்டில் 1,500-க்கும் கீழே வந்தது.

ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்பும் நம் வியாபாரிகளுக்கு இதில் முக்கியம், வாடகை யார் தலையில் என்பது. எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில் வாங்குபவர் கட்டுகிறார். ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவார். சி.ஐ.எஃப். என்றால் நாமே கட்ட வேண்டும். ஒரு கண்டெய்னரில் 5,000 ஜோடி என்று வைத்தால், 3,000 டாலர் ஏற்றம் ஜோடிக்கு 60 சென்ட். சுமார் 50 ரூபாய். பல ஆர்டர்களில் லாபமே அவ்வளவுதான். ஆகவே சி.ஐ.எஃப். விலை கொடுக்கும்முன், கப்பல் ஏஜென்ட் தந்த வாடகை எந்தத் தேதிவரை செல்லும், போர்க்கால, நெரிசல் கூடுதல் கட்டணங்கள் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு தயாராக இரண்டு மாதம் ஆகும் ஆர்டருக்கு, இன்றைய வாடகையை வைத்து விலை சொல்லாதீர்கள்.