நடு வீட்டின் வருமானம்

புஞ்சாக் ஆலாமிலிருந்து ஈஜோக் வழியாகப் பெஸ்தாரி ஜெயா பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். புதிய தாமான்களும் பல்கலைக்கழக வளாகமும் முடிந்த கொஞ்ச தூரத்தில் செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடும். கோல சிலாங்கூர் மாவட்டத்துக்குள்ளேயே இந்த இரண்டு உலகங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. இங்கே தோட்டக் குடும்பங்களுக்காக வீட்டு மனுவோ உதவி மனுவோ தயாராகும்போது, கூடவே ஒரு கணக்கறிக்கையும் போகும். அந்த அறிக்கையில் “சராசரிக் குடும்ப வருமானம்” என்று ஒரு வரி இருக்கும். பல நேரங்களில் மனுவைக் கெடுப்பது அந்த வரிதான்.

கணக்கு புரிவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. தோட்டத்தில் ஒரு வரிசையில் பதினொரு குடும்பங்கள். மாத வருமானத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால்: 1,900, 2,200, 2,400, 2,600, 2,800, 3,000, 3,200, 3,500, 3,900, 4,500, 25,000 ரிங்கிட். கடைசிக் குடும்பம் நான்கைந்து லாரி வைத்துக் குலை ஏற்றும் குத்தகை எடுத்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 55,000. பதினொன்றால் வகுத்தால் சராசரி 5,000.

அந்த 5,000 யாருடைய வருமானம்? யாருடையதும் இல்லை. பதினொன்றில் பத்துக் குடும்பங்கள் அதற்குக் கீழே இருக்கின்றன. வரிசையில் நடுவே நிற்கும் ஆறாவது குடும்பத்துக்கு 3,000. கணக்கில் இடைநிலை, மீடியன் என்று சொல்வது இதைத்தான். லாரிக்காரருக்கு 25,000 போய் 50,000 வந்தால் சராசரி 7,270-ஐத் தாண்டிவிடும். நடு வீட்டில் 3,000 அப்படியே இருக்கும். பக்கத்து வீட்டுக்குப் பணம் வந்ததால் இந்த வீட்டில் உலை கொதிப்பதில்லை என்பது இடைநிலைக்குத் தெரியும்.

நாட்டுக் கணக்கிலும் இதே இடைவெளி உண்டு. புள்ளிவிவரத் துறையின் 2022 குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் மலேசியாவின் சராசரி 8,479 ரிங்கிட், இடைநிலை 6,338 ரிங்கிட். சிலாங்கூரில் சராசரி 12,233, இடைநிலை 9,983. நாம் தினமும் சொல்லும் பி40-யும் இடைநிலையைப் போன்ற அளவுதான். எல்லாக் குடும்பங்களையும் வரிசையில் நிறுத்திக் கீழிருந்து நாற்பது சதவீதம் வரை எண்ணி, அங்கே ஒரு கோடு போடுகிறார்கள். 2022-இல் அந்தக் கோடு 5,250 ரிங்கிட். இப்படி வரிசையில் இத்தனையாவது சதவீதம் என்று குறிப்பதே நூற்றுமானம்; இடைநிலை என்பது ஐம்பதாவது நூற்றுமானம். நம் பதினொரு குடும்பங்களின் சராசரியை அந்தக் கோட்டோடு வைத்துப் பார்த்தால், “இவர்கள் கோட்டை எட்டப் போகிறார்கள்” என்று தோன்றும். பத்துக் குடும்பங்களின் நிலைமை அதுவல்ல.

இவ்வளவு தெரிந்தும் அறிக்கைகளில் சராசரியே ஏன் வருகிறது? காரணம் மிகச் சாதாரணமானது. எக்செலில் பட்டியலை இடம்வாரியாகச் சுருக்கப் பெரும்பாலோர் பிவட் டேபிளைத்தான் திறக்கிறார்கள். அதன் வழக்கமான கூட்டுமுறைப் பட்டியலில் Sum, Count, Average எல்லாம் இருக்கும், மீடியன் இருக்காது. கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டுவிடுகிறோம். ஆகவே மூலப் பட்டியலுக்கே போக வேண்டும். பதினொரு வருமானங்களும் B2 முதல் B12 வரை இருந்தால்:

```
=MEDIAN(B2:B12)
=PERCENTILE.INC(B2:B12,0.25)
=PERCENTILE.INC(B2:B12,0.75)
```

விடைகள் 3,000, 2,500, 3,700. கால்வாசிக் குடும்பங்கள் 2,500-க்குக் கீழே, கால்வாசி 3,700-க்கு மேலே, நடுப் பாதி இந்த இரண்டுக்கும் இடையில். இந்த மூன்று எண்களைப் படிக்கிற அதிகாரிக்கு அந்த வரிசை கண்முன் வந்துவிடும்.

நூற்றுமானத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. எக்செலில் PERCENTILE.EXC என்று இன்னொரு சூத்திரமும் உண்டு. வரிசையின் இரண்டு முனைகளை எப்படி எண்ணுவது என்பதில் மட்டும் இரண்டும் வேறுபடுகின்றன. ஆயிரம் குடும்பங்கள் இருந்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணில் படாது. நம் பதினொன்றில் தொண்ணூறாவது நூற்றுமானம் கேட்டுப் பாருங்கள்: ஒன்று 4,500 என்கிறது, மற்றது 20,900 என்கிறது. இரண்டுமே சரியான கணக்குதான். பதினொரு குடும்பங்களை வைத்துக்கொண்டு தொண்ணூறாவது இடத்தைக் கேட்டதுதான் தவறு. சிறிய பட்டியலில் கால், நடு, முக்கால் என்பதோடு நின்றுவிட வேண்டும். எந்தச் சூத்திரம் போட்டோம் என்பதையும் அறிக்கையில் எழுதிவைக்க வேண்டும்.

அடுத்த தவறுதான் எனக்கு அதிகம் மனம் வலிக்கிற தவறு. கவனமாக வேலை செய்பவர்களும் இதில் விழுகிறார்கள். தோட்டத்தோடு பக்கத்துத் தாமானில் ஐந்து குடும்பங்களையும் சேர்த்து எழுதுகிறோம்: 6,000, 7,500, 9,000, 11,000, 12,000. அங்கே நடு வருமானம் 9,000. அறிக்கையின் அடியில் மொத்த வரி வேண்டும். 3,000-யும் 9,000-யும் கூட்டி இரண்டால் வகுத்து 6,000 என்று போட்டுவிடுகிறார்கள். பதினாறு குடும்பங்களையும் ஒரே வரிசையில் அடுக்கினால் எட்டாவது 3,500, ஒன்பதாவது 3,900. இரட்டை எண்ணிக்கை என்பதால் இரண்டுக்கும் நடுவே, 3,700 தான் உண்மையான இடைநிலை. குடும்ப எண்ணிக்கையைப் பெருக்கிச் சரிக்கட்டினாலும் 4,875 வருமே தவிர 3,700 வராது. சராசரிகளை எண்ணிக்கையோடு சேர்த்து மொத்தச் சராசரி ஆக்கலாம். இடைநிலைகளை அப்படி ஆக்க முடியாது. கீழ்வரிக்கு மறுபடியும் மூல எண்களுக்கே போய்த்தான் ஆக வேண்டும்.

அந்த 3,700-ஐயும் தனியாக விட்டுவிடக் கூடாது. அது தோட்டத்தின் நடுவும் இல்லை, தாமானின் நடுவும் இல்லை. தாமான் குடும்பங்கள் பெருகப் பெருக, தோட்டத்தில் யாருக்கும் ஒரு காசு கூடாமலே அந்த எண் ஏறிக்கொண்டே போகும். புஞ்சாக் ஆலாம் போல வேகமாக வளரும் ஊரில் இது ஏட்டுக் கணக்கு இல்லை. வாழ்க்கை இரண்டு விதமாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் இரண்டு வரிகளாகத்தான் எழுத வேண்டும். தோட்டத்துக்கு மட்டும் எடுக்க, A பத்தியில் இடத்தை எழுதிவிட்டு இப்படிக் கேட்கலாம்:

```
=MEDIAN(IF((A2:A19="தோட்டம்")*(B2:B19<>""),B2:B19))
```

பழைய எக்செலில் இதை Ctrl+Shift+Enter அழுத்தி முடிக்க வேண்டும். நடுவில் உள்ள `B2:B19<>""` என்ற பகுதியை யாரும் சுருக்கிவிட வேண்டாம். வருமானம் சொல்ல விரும்பாத குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம் தோட்டத்தில் இன்னும் இரண்டு குடும்பங்கள் அப்படி என்றால், அவர்களுடைய கட்டத்தைக் காலியாக விடுவோம். சாதாரண MEDIAN காலிக் கட்டங்களைத் தாண்டிப் போகும். ஆனால் IF-க்குள் போன காலிக் கட்டம் பூஜ்யமாக வெளியே வரும். வருமானமே இல்லாத இரண்டு குடும்பங்கள் முளைத்து, நடு 3,000-லிருந்து 2,800-க்கு இறங்கிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: அதே சூத்திரத்தில் MEDIAN-க்குப் பதிலாக COUNT போட்டு, கணக்கில் சேர்ந்த எண்கள் எத்தனை என்று எண்ணி, வீடு வீடாகப் போய் எழுதிய தாளில் வருமானம் சொன்ன குடும்பங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உண்மையாகவே வேலை இல்லாத குடும்பத்தின் பூஜ்யம் இருக்க வேண்டும். சொல்லாத குடும்பத்தின் பூஜ்யம் இருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் மனுவில் நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான்: “தோட்டத்தில் 13 குடும்பங்களைக் கேட்டோம், 11 குடும்பங்கள் சொன்னார்கள். நடுக் குடும்பத்தின் வருமானம் 3,000 ரிங்கிட். ஏறக்குறையப் பாதிப் பேர் 2,500-க்கும் 3,700-க்கும் இடையில். ஒரு குடும்பத்துக்கு 25,000. பத்துக் குடும்பங்கள் பி40 கோட்டுக்குக் கீழே.” லாரிக்காரரை மறைக்க வேண்டியதில்லை, அவரும் அந்த வரிசையில் குடியிருப்பவர்தான்.