ரூபாயை விடுங்கள், ‘ஆர்’ எத்தனை?

ஒருவர் ஒரு ஷேரில் 12,000 ரூபாய் லாபம் பார்த்தார். அவருடைய நண்பர் வேறொரு ஷேரில் 4,000 ரூபாய் பார்த்தார். யார் கெட்டிக்காரர்? டீக்கடையில் கேட்டால் முதலாமவர் என்றுதான் சொல்வார்கள். கணக்குத் தப்பியிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. முதலாமவர் 40,000 ரூபாய் வரை இழக்கத் துணிந்துதான் வாங்கினார். நண்பர் 1,000 ரூபாய் போனால் வெளியே வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அப்படிப் பார்த்தால் முதலாமவர் துணிந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட எடுக்கவில்லை, நண்பர் நான்கு மடங்கு எடுத்திருக்கிறார்.

டிரேடு முடிவுகளை இப்படி மடங்கில் சொல்லும் பழக்கத்தை 1990களின் இறுதியில் பரவலாக்கியவர் வான் தார்ப். டிரேடர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த அமெரிக்க உளவியலாளர் அவர். ஒரு டிரேடில் நுழையும்போது எவ்வளவு இழக்கத் தயாராக இருக்கிறோமோ அந்தத் தொகைக்கு ‘ஒரு ஆர்’ என்று பெயர். லாபமானாலும் நஷ்டமானாலும் அதை ஆர்-ஆல் வகுத்து எழுத வேண்டும், அவ்வளவுதான் முறை.

500 ரூபாய்க்கு 100 ஷேர் வாங்கி, 480-இல் ஸ்டாப் லாஸ் வைத்ததாகக் கொள்வோம். ஷேருக்கு 20 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய். இந்த டிரேடில் ஒரு ஆர் என்பது இதுதான். 560-இல் விற்றால் லாபம் 6,000 ரூபாய், அதாவது +3 ஆர். மனம் மாறி 490-இலேயே வெளியேறினால் –0.5 ஆர். காலையில் சந்தை திறக்கும்போதே விலை 472 என்று இறங்கி நின்றால் ஸ்டாப் லாஸ் அந்த விலையில்தான் நிறைவேறும். போவது 2,800 ரூபாய், –1.4 ஆர்.

கணக்கு எளிது, ஆனால் ஏமாற்றுவதும் எளிது. வகுக்கும் தொகை, ஷேரை வாங்கும் முன்பே முடிவான தொகையாக இருக்க வேண்டும், பிறகு அதை மாற்றவே கூடாது. விலை ஏறியதும் ஸ்டாப்பை 500-க்கு ஏற்றினாலும் ஆர் அதே 2,000 ரூபாய்தான். பலர் செய்வது இதற்கு நேர்மாறு. விலை 481-க்கு வந்ததும் ‘இன்னும் கொஞ்சம் இடம் கொடுப்போம்’ என்று ஸ்டாப்பை 465-க்கு இறக்குகிறார்கள், அது அடிபட்டதும் நோட்டில் –1 ஆர் என்று எழுதிக்கொள்கிறார்கள். உண்மையில் போனது 3,500 ரூபாய், –1.75 ஆர். ஸ்டாப்பே இல்லாமல் வாங்கியவருக்கோ எழுதுவதற்கு ஆர் என்று ஒன்றே கிடையாது.

செலவையும் ஆர்-இல் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். மேலே சொன்ன அளவுக்கு டெலிவரி எடுத்து விற்றால், வாங்கும்போதும் விற்கும்போதும் போகும் எஸ்.டி.டி. மட்டுமே சுமார் 100 ரூபாய். முத்திரைத் தீர்வை முதலான சில்லறைகளைச் சேர்த்து 125 என்று வைத்துக்கொள்வோம். ஆர் 2,000 ரூபாயாக இருக்கும்போது இது 0.06 ஆர், கண்டுகொள்ள வேண்டாம். ‘ரிஸ்க்கைக் குறைக்கிறேன்’ என்று அதே 100 ஷேருக்கு ஸ்டாப்பை 495-இல் வைத்தால் ஆர் 500 ரூபாய் ஆகிவிடும், அதே செலவு 0.25 ஆர். ஒவ்வொரு டிரேடிலும் கால் ஆர் கையைவிட்டுப் போனால் நல்ல சிஸ்டமும் தள்ளாடும்.

ஒரு டிரேடுக்கு ஆர் எழுதுவதோடு நின்றால் பெரிய பயன் இல்லை. ஒரே விதிகளின்படி எடுத்த டிரேடுகளை எல்லாம் வரிசையாக எழுதி, அந்தப் பட்டியல் எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்று பார்க்கும்போதுதான் சிஸ்டத்தின் குணம் தெரியும். இருபது இருபது டிரேடுகளாக இரண்டு பட்டியல்கள், கணக்குக்காக நானே போட்டவை.

முதல் சிஸ்டத்தில் இருபதில் பதினாறு லாபம், ஒவ்வொன்றும் 0.4 ஆர். மூன்று நஷ்டங்கள் தலா 1 ஆர். ஒன்று மட்டும் –4 ஆர், ஸ்டாப்பைத் தாண்டிப் போனது. நூற்றுக்கு எண்பது வெற்றி என்று மார்தட்டலாம். கூட்டிப் பார்த்தால் 6.4 ஆர் வரவு, 7 ஆர் செலவு. கடைசியில் 0.6 ஆர் நஷ்டம்.

இரண்டாவது சிஸ்டத்தில் ஏழே ஏழு லாபம்: 1, 1.5, 1.5, 2, 2, 4, 9. பதின்மூன்று நஷ்டங்களில் பத்து –1 ஆர், இரண்டு –0.5, ஒன்று –1.4. வரவு 21, செலவு 12.4, மீதி 8.6 ஆர். டிரேடுக்குச் சராசரி 0.43 ஆர். ஒவ்வொரு முறையும் 2,000 ரூபாய் ரிஸ்க் எடுத்தவருக்கு இருபது டிரேடில் 17,200 ரூபாய் நின்றிருக்கும்.

இந்தச் சராசரிக்குத் தார்ப் வைத்த பெயர் எக்ஸ்பெக்டன்சி. பலர் இதைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அப்போதுதான் உட்கார வேண்டும். இரண்டாவது பட்டியலில் அந்த 9 ஆர் டிரேடை மட்டும் விரலால் மறைத்துப் பாருங்கள். 8.6 போய் –0.4 ஆகிவிடுகிறது. சிஸ்டத்தின் முழு லாபமும் ஒரே ஒரு டிரேடில் தொங்குகிறது. இருபதையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பார்த்தால் அங்கே –1 ஆர் இருக்கிறது. சராசரி 0.43 என்று சொல்லும் சிஸ்டத்தில் வழக்கமான நாளின் அனுபவம் முழு நஷ்டம். விலைப்போக்கைப் பின்தொடரும் சிஸ்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அது குற்றம் இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு டிரேடு வரும் நாளில் அவர் ஊருக்குப் போயிருந்தாலோ, 2 ஆர் வந்ததும் கை துறுதுறுத்து விற்றிருந்தாலோ வருஷமே நஷ்டம்.

அடுத்த கேள்வி, இந்த 0.43-ஐ எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது. பட்டியலின் திட்ட விலக்கம் சுமார் 2.5 ஆர். அதை இருபதின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.56 கிடைக்கும். சராசரியில் தோராயமாக இவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்று பொருள். ஆட்டமே சராசரியைவிடப் பெரிது. ஆக, உண்மையில் பூஜ்யமாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும் ஒரு சிஸ்டமும் இருபது டிரேடில் 0.43 காட்டிவிட முடியும். இதே சிதறலோடு நூறு டிரேடு சேர்ந்தால் ஆட்டம் 0.25 ஆகக் குறையும், அப்போது பேச ஆரம்பிக்கலாம்.

இதையே ஒற்றை மதிப்பெண்ணாக்கித் தந்தார் தார்ப்:

```
SQN = √N × (R சராசரி ÷ R திட்ட விலக்கம்)
```

N என்பது டிரேடுகளின் எண்ணிக்கை. 1.6-க்குக் கீழே இருந்தால் அந்த சிஸ்டத்தை ஓட்டுவது கடினம், 2-ஐத் தாண்டினால் பரவாயில்லை என்பது அவர் வைத்த அளவு. நம் பட்டியலுக்குக் கிடைப்பது 0.77. ஆனால் இந்த மதிப்பெண்ணில் ஒரு கோளாறு உண்டு. அந்த 9 ஆர் லாபம் 30 ஆர் ஆக இருந்திருந்தால்? சராசரி 0.43-இலிருந்து 1.48-க்குத் தாவும். மதிப்பெண்ணோ 0.96-க்கு மேல் போகாது. பெரிய லாபமும் திட்ட விலக்கத்தைக் கூட்டும் என்பதால், யாரும் வருத்தப்படாத சிதறலுக்கும் அபராதம் போடுகிறது. நான் இந்த எண்ணைவிடக் கட்டம் போட்ட காகிதத்தையே நம்புவேன். –1, 0, 1, 2 என்று கோடிட்டு டிரேடுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனால், எங்கே குவிகிறது, வால் எந்தப் பக்கம் நீள்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

சராசரியில் தெரியாதது இன்னொன்று, வரிசை. நூற்றுக்கு 65 நஷ்டம் தரும் சிஸ்டத்தில் நூறு டிரேடு எடுத்தால், இடையில் எங்காவது எட்டு ஒன்பது நஷ்டங்கள் தொடர்ச்சியாக வருவது சர்வசாதாரணம். தார்ப் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். பையில் கோலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆர் மதிப்பு. எடுத்த கோலியைத் திரும்பப் போட்டு மறுபடி எடுப்பார்கள். எல்லோருக்கும் விழுவது அதே கோலிகள்தான், ஒவ்வொரு முறையும் கையிருப்பில் எவ்வளவு வைப்பது என்பது மட்டும் அவரவர் விருப்பம். முடிவில் சிலர் போண்டி, சிலருக்கு நல்ல லாபம். ஒன்பது நஷ்டம் தொடர்ந்து வரும்போது முறைக்கு 1 சதவீதம் வைத்தவர் சுமார் 9 சதவீதத்தை இழந்திருப்பார். 5 சதவீதம் வைத்தவருக்கு 37 சதவீதம் போயிருக்கும், பழைய இடத்துக்கு வர அவர் கிட்டத்தட்ட 59 சதவீதம் சம்பாதித்தாக வேண்டும். ஆக, ஒரு ஆர் எத்தனை ரூபாய் என்பதைப் பட்டியலின் மோசமான தொடரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பட்டியலில் இதுவரை வராத டிரேடும் ஒன்று உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜுவின் கடிதம் வெளியானது. முந்தைய நாள் 180 ரூபாயை ஒட்டி முடிந்த ஷேர், அன்று முடியும்போது 40 ரூபாய் அளவில் நின்றது. 180-க்கு வாங்கி 170-இல் ஸ்டாப் வைத்திருந்த ஒருவருக்கு ஒரு ஆர் என்பது பத்து ரூபாய். வாங்குவதற்கு ஆளில்லாமல் கடைசிவரை மாட்டியிருந்தால் –14 ஆர். ஸ்டாப் என்பது ஓர் ஆர்டர் மட்டுமே, எதிரே ஒருவர் வாங்கினால்தான் அது நிறைவேறும். ஆப்ஷன் விற்பவர்களின் பட்டியலில் 0.2, 0.3 என்று வரிசையாக லாபமாகவே இருந்தால் மெச்சுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். இடதுபக்க வால் இல்லை என்று அதற்குப் பொருளில்லை, இன்னும் வரவில்லை என்றும் இருக்கலாம்.

பட்டியலில் இன்னொரு கட்டமும் போட்டு, அந்த டிரேடு நடந்தபோது சந்தை ஏறுமுகமா, இறங்குமுகமா, அசையாமல் கிடந்ததா என்று குறித்துக்கொள்வது நல்லது. 2020 மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்த நிஃப்டி, 2021 அக்டோபரில் 18,600-ஐத் தொட்டது. அந்த ஒன்றரை வருஷத்தில் மட்டும் டிரேடு செய்தவரின் கோலிப்பை அந்த ஏறுமுகத்தின் பை. வாங்கி விற்கும் எந்த சிஸ்டத்துக்கும் அப்போது 4 ஆர், 6 ஆர் எல்லாம் வந்திருக்கும். அசையாத சந்தையில் எடுத்த நாற்பது டிரேடுகளை அதோடு கலந்து ஒரே சராசரி எடுத்தால், வரும் எண் இரண்டு காலத்துக்கும் பொருந்தாது.