"எங்க இருக்கீங்க?": அக்கறை எப்போது கண்காணிப்பாகிறது?

இதயநோய்ப் பிரிவில் மறுபரிசோதனைக்கு வரும் தம்பதியரிடம் மருந்து, உணவு, நடைப்பயிற்சி ஆகியவற்றைப் பற்றிக் கேட்டு முடித்தபின், உளநல ஆலோசகராகிய நான் வேறொரு கேள்வியையும் கேட்பது வழக்கம்: "ஒரு நாளில் உங்கள் இருவருக்கும் இடையே கைப்பேசியில் எத்தனை செய்திகள் போகின்றன?" சிலர் சிரிப்பார்கள். சிலர் பதில் சொல்லும் முன் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பார்கள். அவ்வாறு பார்த்துக்கொண்ட ஒரு தம்பதியரைப் பற்றியது இக்கட்டுரை. அவர்களை எவரும் அடையாளம் காணாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவருக்கு வயது 46. இருசக்கர வண்டியில் கடை கடையாகச் சென்று சரக்கு ஆணை எடுக்கும் விற்பனைப் பிரதிநிதி. மாரடைப்பு வந்த அன்று அவர் ஒரு கடையின் கிடங்கில் இருந்தார். வழக்கமான மதிய அழைப்புக்கு அவர் பதில் தராததால் மனைவி மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ நாற்பது நிமிடங்களுக்குப் பின், முன்பின் அறியாத ஒருவர் கைப்பேசியை எடுத்து, "சாருக்கு உடம்பு சரியில்ல, ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு" என்றார். உரிய நேரத்தில் இரத்தக்குழாய் அடைப்பு நீக்கப்பட்டு, ஸ்டென்ட் பொருத்தப்பட்டு அவர் வீடு திரும்பினார். ஆனால், பதிலின்றிக் கழிந்த அந்த நாற்பது நிமிடங்கள் மனைவியை விட்டு நீங்கவில்லை. அவரைப் பொறுத்தவரை மௌனம் என்றால் ஆபத்து என்று பொருளாகிவிட்டது. அவர் அறிந்த ஒரே மாரடைப்பு அவ்வாறுதான் தன்னை அறிவித்திருந்தது.

கணவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிருமாறு மனைவி கேட்டுக்கொண்டார். அதில் 15 நிமிடங்கள், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தெரிவுகள் உண்டு. அவர் எட்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய பகிர்வு மாலை ஐந்து மணிக்குத் தானாகவே நின்றுவிட்டது. கணவரோ அப்போது ஊரின் மறுகோடியில் கடைசிக் கடையில் இருந்தார். வரைபடத்தில் புள்ளி மறைந்தவுடன் மனைவியின் கை நடுங்கத் தொடங்கியது. மறுநாள் முதல், ஐந்து மணிக்கு முன் பகிர்வைப் புதுப்பிக்க வேண்டும் என்பது வீட்டின் சட்டமாயிற்று.

இந்தக் கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. செயற்கைக்கோள் சமிக்ஞை திறந்த வானத்தின் கீழ்தான் நன்றாகக் கிடைக்கும். கிடங்கு, அடித்தள வாகன நிறுத்தம், மின்தூக்கி ஆகியவற்றுக்குள் அது வலுவிழக்கும். அப்போது கைப்பேசி கோபுரங்களைக் கொண்டு கணிக்கப்படும் இடம் சில நூறு மீட்டர்கள் தள்ளியும் காட்டக்கூடும். மின்கலம் குறைந்து சேமிப்பு முறை தொடங்கினால், புள்ளி பழைய இடத்திலேயே உறைந்து நிற்கலாம். நீலக் குறியும் அவ்வாறே. ஒற்றைக் குறி என்றால் செய்தி அனுப்பப்பட்டது. இரட்டைக் குறி என்றால் அது மறுபக்கக் கைப்பேசியை அடைந்தது. நீலமானால் உரையாடல் திறக்கப்பட்டது. அறிவிப்புப் பட்டையிலேயே செய்தியைப் படித்துவிட்டால் நீலம் வராது. ஆகவே "நீலம் வரவில்லை, பார்க்கவே இல்லை" என்பதும், "நீலம் வந்துவிட்டது, வேண்டுமென்றே பதில் தரவில்லை" என்பதும் ஊகங்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, நகராத புள்ளி ஒன்று உணவருந்தும் மனிதரையும் காட்டும், மயங்கி விழுந்தவரையும் காட்டும். இரண்டுக்கும் வேறுபாடு அதற்குத் தெரியாது.

எனினும் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் என்பதற்கு எங்கள் துறையில் நன்கறியப்பட்ட விளக்கம் உண்டு. அச்சம் எழுகிறது, பார்க்கிறோம், புள்ளி நகர்கிறது, அச்சம் உடனே தணிகிறது. இந்தத் தணிவே வெகுமதி. "பார்த்ததனால்தான் நிம்மதி கிடைத்தது" என்று மனம் கற்றுக்கொள்கிறது. பார்க்காமல் இருந்திருந்தாலும் அச்சம் சிறிது நேரத்தில் தானே அடங்கியிருக்கும் என்பதை அறிய அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால் நிம்மதி நீடிக்கும் நேரம் படிப்படியாகக் குறைகிறது. முதல் வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டவர், இரண்டாம் மாதத்தில் கால் மணிக்கு ஒருமுறை கேட்கலானார். என் வேண்டுகோளின்படி அவர்கள் ஒரு நாள் செய்திகளை எண்ணிப் பார்த்தபோது, வேலை நேரத்தில் மட்டும் மனைவியிடமிருந்து 34 செய்திகள் போயிருந்தன. "எங்க இருக்கீங்க?", "மாத்திரை போட்டீங்களா?", "ஏன் அங்கேயே நிக்குது?", "பதில் போடுங்க". அவருக்கே அது வியப்பாக இருந்தது.

இவற்றைக் குடும்பப் பூசல் என்று ஒதுக்கிவிட முடியாமற்போனது, கணவர் என்னிடம் தனியே சொன்ன இரண்டு செய்திகளால்தான். முதலாவது, வண்டி ஓட்டும்போதே அவர் பதில் எழுதிவந்தார். நிறுத்திவிட்டு எழுதினால் "ஏன் நின்றீர்கள்?" என்ற கேள்வி வரும் என்பதே காரணம். மாரடைப்பிலிருந்து மீண்டவர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் இருவகை மாத்திரைகளை உட்கொள்பவர், ஒற்றைக் கையால் வண்டியைச் செலுத்திக்கொண்டிருந்தார். விழுந்து காயமுற்றால் அவருக்குக் குருதிக்கசிவு எளிதில் நிற்காது. இரண்டாவது இன்னும் கவலைக்குரியது. இரு வாரங்களுக்கு முன் படியேறுகையில் நெஞ்சில் ஓர் இறுக்கம் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்திருக்கிறது. அதை அவர் மனைவியிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை. "சொன்னா வேலைக்கே விடமாட்டா மேடம்" என்றார்.

ஓயாத கண்காணிப்பு நோயாளியை மறைக்கப் பழக்குகிறது. உடல்நலத்தைக் காக்க எழுந்த வேண்டுகோள், உடல்நலம் பற்றிய மிக முக்கியமான செய்தியையே வீட்டுக்குள் வரவிடாமல் தடுத்துவிட்டது. அன்றே அவரை இதயநோய் மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம்; மருந்தின் அளவு மாற்றப்பட்டது.

பின்னர் இருவரையும் சேர்த்து அமர்த்திப் பேசினோம். இருப்பிடத்துக்கு மாற்றாக என்ன வேண்டும் என்பதே முதல் வினா. நெஞ்சுவலி வந்தால் கணவர் வேலையை நிறுத்தி உட்கார வேண்டும். மருத்துவர் அறிவுறுத்தியபடி நாக்கின் அடியில் மாத்திரை வைக்க வேண்டும். ஐந்து நிமிடங்களில் வலி அடங்காவிட்டால் முதல் அழைப்பு 108க்கு, அதன் பின்னரே வீட்டுக்கு. நோய், உட்கொள்ளும் மருந்துகள், மனைவியின் எண் ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கும். அன்றாடத்துக்கு மூன்று செய்திகள் போதும் என்று முடிவாயிற்று: முதல் கடையை அடைந்ததும், மதிய மாத்திரைக்குப் பின், வீட்டுக்குக் கிளம்பும்போது. அவற்றை வண்டியை நிறுத்திய பிறகே அனுப்ப வேண்டும். ஒரு செய்தி முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மட்டும் மனைவி அழைக்கலாம். இருப்பிடப் பகிர்வு வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும்.

மனைவிக்கு வேறொரு பயிற்சியும் தேவைப்பட்டது. கேட்க வேண்டும் என்று தோன்றும்போது, அச்சம் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பத்து நிமிடங்கள் பொறுத்து மீண்டும் எழுத வேண்டும். முதல் வாரம் அவரால் நான்கு நாள்கள்கூட இயலவில்லை. மூன்றாம் வாரக் குறிப்பேட்டில் எட்டு என்று தொடங்கிய அச்சம் கேட்காமலேயே நான்காக இறங்கிய இடங்கள் தென்பட்டன. இந்நிலை அனைவருக்கும் இவ்வளவு விரைவில் வருவதில்லை. உறக்கம் கெட்டு, அந்த நாளின் காட்சிகள் கனவில் திரும்பத் திரும்ப வருமானால், பராமரிப்பவருக்கே சிகிச்சை தேவை. நேரில் வர இயலாதோர் 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இதுவரை சொன்னது அச்சத்திலிருந்து பிறந்த கண்காணிப்பு. இதே சொற்களை அணிந்துகொண்டு வேறொன்றும் எங்கள் அறைக்குள் வருகிறது. "அவளுடைய நன்மைக்காகத்தான்" என்று சொல்லும் கணவர். மருத்துவர் கேட்கும் கேள்விக்கு விடை கூறும் முன் கைப்பேசியைப் பார்க்கும் மனைவி. பரிசோதனை நடக்கும்போதும் அணைக்கப்படாத காணொளி அழைப்பு. செய்திகளின் எண்ணிக்கையை வைத்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. "இன்று பகிர இயலவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதன்பின் என்ன நிகழ்கிறது என்பதையே நான் கவனிப்பேன். மேலே கண்ட மனைவி அழுதார், கோபித்தார், பின்னர் மாற்று வழிக்கு இணங்கினார். மற்ற வகையில் மறுப்புக்கு விலை உண்டு: நாள்கணக்கில் பேச்சின்மை, வீட்டுச் செலவுப் பணம் நிறுத்தப்படுதல், தாய்வீட்டுக்குச் செல்லத் தடை, அடி. கேள்விகளும் வேறுபடும். "உடம்பு எப்படி இருக்கிறது?" என்பது "யாருடன் இருக்கிறாய்? படம் எடுத்து அனுப்பு" என்றாகும். நோய் குணமான பிறகும் நிபந்தனை தளராது. ஒருவர் மட்டுமே காட்ட வேண்டும். மற்றவரின் இருப்பிடம் கேள்விக்கு அப்பாற்பட்டது.

இத்தகைய நிலையில் உள்ளவர்களுக்கு மூன்று செய்திகள் அட்டவணையைப் பரிந்துரைப்பது தவறு. பேசித் தீர்க்குமாறு இருவரையும் ஒன்றாக அமர்த்துவதும் தவறு. அறையில் சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். பகிர்வை உடனே அணைத்துவிடுங்கள் என்றும் நான் சொல்வதில்லை. திடீரென்று மறையும் புள்ளி எதிர்த்தரப்பை உசுப்பிவிடக்கூடும். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்னும் பகுதியைத் திறந்தால், தம் உரையாடல்கள் வேறொரு கணினியில் திறந்திருக்கின்றனவா என்பது தெரியும். ஆனால் அதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த அடியை ஒருவருடைய துணையோடு எடுப்பதே நல்லது. உதவி தேடும் அழைப்பைக் கண்காணிக்கப்படாத வேறொரு கைப்பேசியிலிருந்து செய்ய வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் துன்பத்தோடு மனத்துன்பத்தையும் பொருளாதாரத் துன்பத்தையும் வன்முறையாகவே கருதுகிறது. அடித்த காயம் இருந்தால்தான் புகார் என்பதில்லை. ஆண்களும் இவ்வாறு கட்டுப்படுத்தப்படுவதைக் கண்டிருக்கிறேன். அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாவிடினும் ஆலோசனை அறை பொருந்தும்.

உடன் வருபவர் இல்லாமல் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ சிறிது நேரம் பேச விரும்புவோர், எடை பார்க்கும் செவிலியரிடம் அதைச் சொன்னால் போதும். காரணம் கேட்கப்படாது. எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் அறைக்குள் நோயாளியை மட்டுமே அழைப்பது எங்கள் வழக்கமாதலால், வெளியே காத்திருப்பவருக்கு அது புதிதாகத் தோன்றாது. கைப்பேசியை மட்டும் வெளியே இருக்கும் பையில் விட்டுவிட்டு வாருங்கள்.