திங்கள் காலை 5.30 மணி விலை

பங்குச் சந்தை தினமும் திறக்கும், மூடும். பிட்காயின் சந்தைக்கு விடுமுறையே கிடையாது. அப்படியானால், இந்த வாரம் விலை ஏறியதா இறங்கியதா என்பதை எங்கிருந்து கணக்கிடுவது? பைனான்ஸ் போன்ற பெரிய சந்தைகளின் விலைப்படங்களில், உலகப் பொது நேரப்படி திங்கட்கிழமை பிறக்கும்போது புதிய வாரம் தொடங்குகிறது. நமக்கு அது திங்கள் காலை 5.30. அப்போதைய விலைதான் வார ஓப்பன். 1ஆம் தேதி காலை 5.30 விலை, மாத ஓப்பன்.

அடிக்கடி வாங்கி விற்பவர்கள் இந்த இரண்டு விலைகளிலும் கிடைக்கோடு போட்டு வைத்துக்கொள்வார்கள். கோட்டுக்கு மேலே இருந்தால் வாங்குபவர் கை ஓங்கியிருக்கிறது, கீழே இருந்தால் விற்பவர் கை.

2024 ஆகஸ்டில் இது தெளிவாகத் தெரிந்தது. ஜப்பான் மத்திய வங்கி வட்டியை உயர்த்திய சில நாட்களில், ஆகஸ்ட் 5 திங்களன்று, உலகச் சந்தைகள் சரிந்தன. அந்த வார ஓப்பன் சுமார் 58,100 டாலர். அன்றே பிட்காயின் 49,000 வரை விழுந்தது. செவ்வாயும் புதனும் மீண்டு 57,000 டாலரைத் தாண்டியும், கோட்டைத் தொடாமல் திரும்பியது. வியாழனன்று கோட்டைக் கடந்ததும் வேகம் பிடித்து 62,000ஐத் தாண்டியது. மாத ஓப்பனோ சுமார் 64,600. ஆகஸ்ட் 25 அன்று விலை அதைச் சற்றே தாண்டி 65,000 வரை போனது, நிலைக்கவில்லை. மாதம் 59,000 அருகே முடிந்தது.

ஏன் அங்கே தடுமாறுகிறது? தொடக்கத்தில் வாங்கி நஷ்டத்தில் மாட்டியவர், போட்ட பணம் திரும்பினால் போதும் என்று அங்கே விற்கப் பார்ப்பார். பலரும் ஒரே கோட்டைப் பார்ப்பதால் ஆர்டர்களும் அதன் அருகே குவியும். இது பழக்கம் உண்டாக்கும் எல்லைதான், விதி அல்ல. பெரிய செய்தி வந்தால் விலை கோட்டைக் கவனிக்காமலே போய்விடும்.

கோட்டைத் தொட்டதையே கடந்ததாக எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் பிழை. நான்கு மணிநேர அல்லது ஒருநாள் கேண்டில் மேலே முடிந்து, திரும்பி வரும்போதும் விலை அங்கே தாங்கினால்தான் அதற்குப் பொருள் உண்டு. ரூபாய் விலைப்படத்தில் டாலர் சந்தையின் கோட்டைப் போடுவதும் தவறு. இரண்டும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை.

மந்தமான வாரங்களில் விலை ஓப்பனுக்கு மேலும் கீழுமாகப் பல தடவை அலையும். அப்போது கோட்டை நம்பி ஒவ்வொரு முறையும் வாங்கி விற்காதீர்கள். இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ஒரு வியாபாரத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை.