ஓட்டையின் வடிவம்

துணிச் சோதனைக்கூடங்களில் ஒரு சின்ன எஃகுத் தகடு இருக்கும். நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லின் அளவுதான். அதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டத்தில் சில ஓட்டைகள். தலைமுடியைவிட மெல்லிய இழையைக் குறுக்கே வெட்டி, அதன் வெட்டுமுகம் வட்டமா, முக்கோணமா, நடுவே துளை உள்ளதா என்று பார்க்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

வேலை ஊசியில் நூல் கோப்பது போலத்தான். தையல்நூலை இரண்டாக மடித்து, மடிப்பு முனையை ஓட்டைக்குள் நுழைக்க வேண்டும். வெளியே தெரியும் வளையத்தில் ஒரு கற்றை இழையை மாட்டி, பின்பக்கமிருந்து நூலை இழுத்தால் கற்றை ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். பிறகு புது பிளேடால் தகட்டின் இரு பக்கமும் ஒட்டச் சீவிவிட வேண்டும். ஓட்டைக்குள் மிஞ்சுவது தகட்டின் கனமே உள்ள ஒரு இழைத் தக்கை. கீழிருந்து வரும் வெளிச்சம் ஒவ்வொரு இழையின் வழியாகவும் ஏறி மேல்முனையில் தெரியும். பலாப்பழத் தோலை மேலிருந்து பார்ப்பது போல, நெருங்கி நிற்கும் நூற்றுக்கணக்கான வெட்டுமுகங்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. நான் முதலில் வெட்டிய தக்கையில் எல்லா இழைகளும் முட்டை வடிவில் இருந்தன. புதுவகை இழை ஒன்றைக் கண்டுவிட்டதாகச் சில நிமிடம் மகிழ்ந்தேன். பக்கத்து மேசைக்காரர் ஒரு நொடி பார்த்துவிட்டு, “எல்லா முட்டையும் ஒரே பக்கமாப் படுத்திருக்கு பாருங்க” என்றார். கற்றையைத் தளர்வாக அடைத்ததால் இழைகள் சாய்ந்து நின்றிருக்கின்றன. வாழைத்தண்டைச் சாய்வாக நறுக்கினால் நீள்வட்டம் வருவது போல, வட்ட இழை சாய்வாக வெட்டுப்பட்டிருக்கிறது. இறுக்கி அடைத்தாலோ இழைகள் ஒன்றையொன்று நசுக்கும். மழுங்கிய பிளேடு இன்னும் மோசம். அது இழையின் நடுவிலுள்ள துளையை இழுகி மூடிவிடும். குழலாக இருந்தது கெட்டி இழையாகத் தெரியும். அதனால் சந்தேகத்துக்குரிய இழையைக் கொஞ்சமாக நடுவில் வைத்து, சுற்றிலும் வேறு நிறச் சாயமிட்ட இழைகளை மெத்தைபோல் வைத்து அடைப்பார்கள். நெருக்கலையெல்லாம் அந்த மெத்தை வாங்கிக்கொள்ளும்.

சரியாக வெட்டிய பட்டு இழையைப் பார்த்தால் முனை மழுங்கிய முக்கோணங்கள் தெரியும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று கோணல். எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. அவை புழுவின் வாயிலிருந்து வந்தவை. சாதாரண நைலானும் பாலியஸ்டரும் காசுகளை அடுக்கியது போல ஒரே அளவு வட்டங்களாகத் தெரியும். உருகிய குழம்பை ஓட்டைகள் உள்ள தகட்டின் வழியாகப் பிதுக்கித்தான் அவற்றைச் செய்கிறார்கள். நம் இடியாப்ப உரல்தான், வெப்பம் மட்டும் 280 டிகிரியை நெருங்கும். ஓட்டை வட்டமாக இருந்தால் இழையும் வட்டமாக வரும்.

இந்த வட்டம்தான் செயற்கை இழையின் முதல் சிக்கல். வட்ட இழையின் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு சிறு பகுதி மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. பரப்பு வளைந்துகொண்டே போவதால் அது விசிறிபோலப் பல திசைகளில் சிதறும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒவ்வொரு இழையிலும் ஒரு மெல்லிய ஒளிக்கோடு உங்கள் கண்ணுக்கு வந்து சேரும். துணியைத் திருப்பினாலும் மடித்தாலும் அதே பளபளப்பு மாறாமல் நிற்கும். எண்ணெய் தடவியது போன்ற அந்தப் பளபளப்பை நம் கண் உடனே ‘சாதாரணம்’ என்று ஒதுக்கிவிடுகிறது. ஆலைகள் இதை மட்டுப்படுத்தக் குழம்பிலேயே டைட்டானியம் டைஆக்சைடு தூளைக் கலப்பார்கள். வெட்டுமுகத்தில் அது கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். உண்மையில் அது வெள்ளைத் தூள். கீழிருந்து வரும் ஒளியை மறித்துச் சிதறடிப்பதால் கருப்பாகிவிடுகிறது.

பளபளப்பைக் குறைக்காமல் அதன் குணத்தையே மாற்ற வேண்டுமானால் இழையின் வடிவத்தில் கை வைக்க வேண்டும். மூன்று இதழ் கொண்ட இழைக்கு, அதாவது ட்ரைலோபல் இழைக்கு, அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1960இல் காப்புரிமை பெற்றது. 1968இல் அதே நிறுவனம் பட்டுக்குப் போட்டியாக ‘கியானா’ என்ற நைலானைக் கொண்டுவந்தபோதும் அதன் வெட்டுமுகம் மூவிதழாகவே இருந்தது.

மூவிதழ் இழையின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஒரு குட்டி முகக்கண்ணாடி. வெளிச்சத்தை விசிறாமல் ஒரே திசையில் மொத்தமாகத் திருப்பும். இழைக்குள் நுழைந்த ஒளியும் பின்பக்கச் சுவர்களில் மோதி, பட்டகத்தில் நடப்பது போல உள்ளேயே திரும்பி வெளிவரும். சரியான கோணத்தில் நின்றால் பளீர், கொஞ்சம் விலகினால் மங்கல். நூலை முறுக்கும்போது இந்தப் பக்கங்கள் நெடுகத் திரும்பிக்கொண்டே போவதால், ஒரே நூலில் மினுங்கும் புள்ளியும் அடங்கிய புள்ளியும் மாறி மாறி வருகின்றன. புடவை அசையும்போது அந்தப் புள்ளிகளும் நகர்கின்றன. பட்டில் நாம் ரசிப்பது இந்த நகர்வைத்தான்.

ஆனால் எவ்வளவு இதழ் வேண்டும் என்பதில் கவனம் தேவை. அளப்பது சுலபம். வெட்டுமுகப் படத்தில் இதழ் முனைகளைத் தொடும்படி வெளியே ஒரு வட்டம், பள்ளங்களைத் தொடும்படி உள்ளே ஒரு வட்டம் வரைய வேண்டும். வெளிவட்டம் 24 மைக்ரான், உள்வட்டம் 12 மைக்ரான் என்றால் விகிதம் 2. முழு வட்ட இழைக்கு இது 1. விகிதம் 1ஐ விட்டுச் சற்றே விலகும்போது அடங்கிய, பட்டுபோன்ற ஒளி. ஏற ஏறப் பளிச்சிடும் மினுக்கு. எம்பிராய்டரி நூலுக்கு மினுக்கு நல்லது. முழுப் புடவைக்கு வந்தால் கடை விளக்கில் கண் கூசும். அப்படிக் கூசும் ‘பட்டை’த் தகட்டில் வெட்டிப் பார்த்தால், அச்சில் வார்த்தது போல அத்தனையும் ஒரே மூவிதழாக இருக்கும். பட்டுப்புழுவுக்கு அந்த ஒழுங்கு வராது.

வேண்டிய விகிதத்தை வரவழைப்பதும் லேசல்ல. மூவிதழ் வேண்டுமென்று மூவிதழ் ஓட்டை போட்டால் வருவது கிட்டத்தட்ட வட்டம்தான். மழைத்துளியை உருண்டையாக்கும் அதே பரப்பு இழுவிசை, உருகிய இழையின் மூலைகளையும் மழுக்கிவிடுகிறது. எனவே ஓட்டையை ஒல்லியான Y எழுத்தாக, மிகைப்படுத்தி வெட்டுவார்கள். பிதுங்கியவுடன் குளிர்காற்றை வீசி, உருளுவதற்குள் உறையவைப்பார்கள். குழம்பு தேவைக்கு மேல் இளகியிருந்தாலும் காற்று தாமதமானாலும் இதழ் பருத்துவிடும். அன்றைய நூல் முந்தைய நாள் நூலைப்போல மினுங்காது. இரண்டையும் ஒரே துணியில் நெய்தால் பட்டை பட்டையாகக் கோடு தெரியும். சாயத்தில் கோளாறு என்று சாயப்பட்டறையோடு சண்டை போடுவதற்கு முன் ஒரு தக்கை வெட்டிப் பார்ப்பது நல்லது.

இனி நடுவில் துளை உள்ள குழல் இழை. தலையணை, ரஜாய், குளிர்சட்டை விற்பவர்கள், “உள்ளே காற்று இருக்கிறது, அதனால்தான் கதகதப்பு” என்பார்கள். பாதி உண்மை. கணக்குப் போட்டால் மீதி தெரியும்.

ஒரு சதுர மீட்டர் ரஜாய், கனம் 4 சென்டிமீட்டர், உள்ளே 400 கிராம் பாலியஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கொள்ளளவு 40 லிட்டர். அதில் பாலியஸ்டர் அடைக்கும் இடம் 0.3 லிட்டருக்கும் குறைவு. மற்றதெல்லாம் இழைகளுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்று. கதகதப்பைத் தருவது அதுதான். இப்போது அதே எடைக்கு, ஐந்தில் ஒரு பங்கு துளையான குழல் இழையைப் போடுவோம். எல்லாத் துளைகளிலும் உள்ள காற்றைச் சேர்த்தால் சுமார் 70 மில்லிலிட்டர். ஒரு சின்ன டம்ளர் காப்பி. ஏற்கெனவே கிட்டத்தட்ட 40 லிட்டர் காற்று இருக்கும் இடத்தில் இந்த டம்ளர் என்ன சாதித்துவிடும்?

துளை சாதிப்பது வேறொன்று. 20 மைக்ரான் விட்டமுள்ள கெட்டி இழையை எடுங்கள். அதே அளவு பிளாஸ்டிக்கைக் கொண்டு ஐந்தில் ஒரு பங்கு துளையுள்ள குழல் செய்தால் வெளிவிட்டம் 22.4 மைக்ரான், உள்விட்டம் 10 மைக்ரான். படத்தில் துளை பாதி அகலத்தை எட்டுவது போலத் தெரியும், ஆனால் பரப்பில் ஐந்தில் ஒன்றுதான். பிளாஸ்டிக் மையத்தை விட்டு விளிம்புக்குத் தள்ளப்பட்டதால், வளைப்பதற்கு எதிரான விறைப்பு ஒன்றரை மடங்காகிறது. மூங்கில் குறைந்த கட்டையில் நிமிர்ந்து நிற்பது இதே தந்திரத்தால்தான். விறைப்பான இழை அமுங்கினாலும் எழும். நாலு சென்டிமீட்டர் ரஜாய் இரண்டாக அமுங்கிப் போனால் கதகதப்பும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். குழல் இழை காப்பாற்றுவது அந்த உப்பலை. உள்ளே இருக்கும் காற்றைவிட வெளியே இருக்கும் காற்றைத்தான் அது பிடித்துவைக்கிறது.

குழல் இழைக்கான ஓட்டை வட்டமாக இருக்காது. நடுவே இடைவெளி விட்ட வில் வடிவப் பிளவுகளாக இருக்கும். பிதுங்கும் வில்கள் உப்பி, ஓரங்கள் தொட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன் அந்த இடைவெளிகள் வழியே காற்று உள்ளே போய்த் துளையைத் திறந்து வைக்கும். ஒட்டு விழவில்லையானால் வெட்டுமுகத்தில் வளையத்துக்குப் பதில் C எழுத்துகள் தெரியும். அந்த இழை எவ்வளவு கனமான ரஜாயானாலும் சீக்கிரம் படுத்துவிடும்.

துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் என்ன? இதற்குப் பதில் போடிநாயக்கனூர்ப் பக்கத்து மரங்களிலேயே தொங்குகிறது. இலவம் பஞ்சின் வெட்டுமுகத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதம் துளை. சுவர் ஒன்றிரண்டு மைக்ரான்தான். மேலே போட்ட கணக்குப்படி அதே எடைக் கெட்டி இழையைவிட ஒன்பது மடங்கு விறைப்பு வரவேண்டும். வருவதில்லை. இவ்வளவு மெல்லிய சுவர் வளைவதற்கு முன்பே, இளநீர்க் கடை உறிஞ்சுகுழல் போல, ஓரிடத்தில் மடிந்துவிடும். மடிந்த இடம் பிறகு நிமிராது. இலவம் பஞ்சு மெத்தை சில வருடத்தில் கட்டிதட்டிப் போவதும், பஞ்சைப் பிரித்து வெயிலில் காயவைத்து அடித்து நிரப்புவதும் இதனால்தான். ஆலைகளும் துளையைப் பெரும்பாலும் 15 முதல் 30 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்கின்றன.

இலவம் பஞ்சை எஃகுத் தகட்டில் இழுத்து வெட்டியும் பார்த்திருக்கிறேன். ஓட்டைக்குள் அடைத்த மாத்திரத்தில் குழல்கள் நசுங்கி, வளையம் ஒன்றுகூட மிஞ்சாமல் சுருங்கிய நாடாக்களாகக் கிடந்தன. மெழுகில் தோய்த்து உறையவைத்து வெட்டிய பிறகுதான் வட்டங்கள் தெரிந்தன, வெங்காயத் தாளை நறுக்கிப் போட்டது போல.